நம் சிப்ஸில் எந்தப் பாக்கெட்டை நிறுத்துவது: ஞாயிற்றுக்கிழமை பேசுவதற்கான குறிப்பு

அழகியமண்டபம், 18 மே 2025

பெரியப்பாவுக்கும் அண்ணனுக்கும்,

25-ஆம் தேதி உட்கார்ந்து பேசுமுன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். லைன் வண்டித் தம்பிமாரிடமும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன். அவர்கள் சொன்னதைக் கேட்டுத்தான் இரண்டு முடிவுகளை மாற்றினேன்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான பில்களை எடுத்துப் பார்த்தேன். நம்மிடம் 41 ஐட்டம் இருக்கிறது. 75 கிராமும் 100 கிராமும் தனித்தனி ஐட்டம் என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு. மொத்த விற்பனை ₹1.86 கோடி. அதில் ₹1.49 கோடியை 12 ஐட்டங்களே கொண்டுவந்தன. கடைசி 16 ஐட்டம் சேர்ந்து ₹6.7 லட்சம்தான். அந்தப் பதினாறையும் ஒரே வெட்டாக வெட்டிவிடலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அது தப்பு.

பாவக்காய் சிப்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 44 பாக்கெட்தான் போகிறது. பட்டியலில் அடியிலிருந்து இரண்டாவது. ஆனால் அதில் 30 பாக்கெட்டை எடுப்பது குலசேகரத்து மொத்தக் கடைக்காரர். அவருடைய மாத பில் ₹48,000. அவருக்கு எல்லாம் ஒரே வண்டியில் வர வேண்டும். பாவக்காய் இல்லை என்றால் அதற்காக இன்னொருவரைக் கூப்பிடுவார், அந்த இன்னொருவர் ஏத்தங்காய் சிப்ஸும் கொண்டுவருவார். அதனால் ஒரு பாக்கெட் எவ்வளவு விற்கிறது என்று பார்த்தது போதாது, அதை வாங்குகிறவர் கூடவே வேறு என்ன வாங்குகிறார் என்று பில் பில்லாகப் பார்த்தேன்.

இன்னொரு வழியும் கிடைத்தது. நம் கையில் சரக்கு தீர்ந்துபோன நாட்கள்தான் அது. ஜனவரியில் சீஸ் சிப்ஸ் கவர் வராமல் ஐந்து வாரம் அந்த ஐட்டமே இல்லை, நினைவிருக்கிறதா? வழக்கமாகச் சீஸ் எடுக்கும் கடைகளின் மொத்த பில் அந்த ஐந்து வாரமும் குறையவில்லை. அந்த இடத்தில் உப்பு சிப்ஸை எடுத்துக்கொண்டார்கள். அக்டோபரில் உப்பில்லாத ஏத்தங்காய் சிப்ஸ் இரண்டு வாரம் இல்லாதபோது நடந்தது நேர்மாறு. ஒன்பது கடையிலிருந்து போன் வந்தது, பிரஷர் உள்ள பெரியவர்கள் கேட்கிறார்கள் என்று. உப்பில்லாதது இல்லையென்றால் அவர்கள் உப்பு போட்டதை வாங்கப் போவதில்லை. மாதம் 60 பாக்கெட் விற்றாலும் அதற்கு மாற்று நம்மிடம் கிடையாது. அதை நிறுத்த வேண்டாம்.

சீஸ் 100 கிராமின் கணக்கை முழுதாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரியப்பா “லாபம்தானே வருகிறது” என்பார்கள். கடைக்கு ₹38-க்குக் கொடுக்கிறோம். காய், எண்ணெய், பொடி, கவர் எல்லாம் சேர்த்து ₹31.50 ஆகிறது. பாக்கெட்டுக்கு ₹6.50 மிச்சம். மாதம் 190 அனுப்பினால் ₹1,235. ஆனால் 21 பாக்கெட் தேதி முடிந்து திரும்பி வருகிறது, அதற்கு ₹798 கழித்துக் கொடுக்கிறோம். மாதம் இரண்டு தடவை சீஸ் போட்டபின் மசாலா டிரம்மைக் கழுவ இரண்டு அக்காமார் முக்கால் மணி நேரம் நிற்கிறார்கள், அந்தக் கூலி ₹360. கையில் நிற்பது ₹77. தேங்காய் எண்ணெய் ஏறுகிற ஏற்றத்தில் அந்த ₹77-ம் இந்த மாதம் இருக்குமா என்று தெரியவில்லை.

மீதி 14,000 சீஸ் கவர் குடோனில் கிடக்கிறதே என்று அண்ணன் கேட்டான். அந்தக் காசு போன காசு. கவர் தீரட்டும் என்று இன்னும் சிப்ஸை அதில் அடைத்தால் எண்ணெயும் கூடப் போகும். எடையும் விலையும் அச்சிட்ட கவர் வேறு ஐட்டத்துக்கும் ஆகாது. எடைக்குப் போட்டுவிடலாம்.

சீசன் ஐட்டங்களை மாதச் சராசரியில் வைத்துப் பார்த்தது என் அடுத்த தப்பு. சர்க்கரை உப்பேரி இரண்டு அளவும் கடைசிப் பதினாறில் வந்தது. ஆனால் அதில் பெரும்பாகம் ஓணத்துக்கு முந்தைய மூன்று வாரத்தில் போகிறது, களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்து ஆர்டரும் அதோடு சேர்ந்து வருகிறது. அதை ஆவணி சரக்காக மட்டும் வைப்போம், மற்ற மாதங்களில் விலைப்பட்டியலில் போட வேண்டாம். முந்திரிக்கொத்து தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் முன்பணம் வாங்கி மட்டும். பலாக்காய் சிப்ஸ் 200 கிராம் காய் கிடைக்கும் மாதங்களில். அதில் 100 கிராம் தேவையில்லை.

ஆக நிறுத்தச் சொல்வது பத்து: ஏத்தங்காய் உப்பு 75, 150 கிராம், மரச்சீனி 75, 150 கிராம், தக்காளி இரண்டு அளவு, சீஸ் இரண்டு அளவு, புதினா 100, பலாக்காய் 100. தக்காளி பெரியப்பா கொண்டுவந்த ஐட்டம், எனக்கும் அதன் ருசி பிடிக்கும். ஆனால் அதை எடுக்கும் 62 கடையில் 59 கடை நம்மிடம் உப்பு அல்லது மிளகாய் சிப்ஸும் எடுக்கிறது. தக்காளி மட்டும் எடுப்பது மூன்று கடை. அந்த மூன்றுக்கும் நானே நேரில் போய்வருகிறேன்.

75 கிராம் விஷயத்தில் எனக்கு முழு நிச்சயம் இல்லை. பள்ளிக்கூடத்துப் பக்கத்துப் பெட்டிக்கடைகளில் ₹30 கொடுத்து வாங்குகிற பிள்ளை ₹40-க்கு ஏறுமா, ₹20-க்கு இறங்குமா? இறங்கினால் நமக்கு நஷ்டம். அதனால் பத்தையும் ஒரேயடியாக எல்லா இடத்திலும் நிறுத்த வேண்டாம். ஜூன் 2 முதல் ஜூலை 12 வரை ஆறு வாரம் குளச்சல், மண்டைக்காடு, திங்கள்நகர் லைனில் மட்டும் நிறுத்திப் பார்ப்போம். தக்கலை, மார்த்தாண்டம் லைன் பழையபடி ஓடட்டும். பள்ளி திறக்கும் சமயம் என்பதால் விற்பனை இரண்டு லைனிலும் ஏறும், அந்த ஏற்றத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும். கடைவாரியாக மொத்த பில்லைப் பார்ப்பேன். தக்கலை லைனைவிட குளச்சல் லைன் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் பின்தங்கினால், எந்த ஐட்டத்தால் என்று பார்த்து அதைத் திரும்பக் கொண்டுவருவோம். ஆகஸ்டில் ஓணம் சரக்கு போடத் தொடங்குமுன் முடிவு கையில் இருக்கும்.

தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். கடைக்காரரிடம் “ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வரும்” என்று சொல்லாதீர்கள். நிறுத்திவிட்டோம், இதற்குப் பதில் இது, என்று மே கடைசி வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று இழுத்தால்தான் கடைக்காரருக்குக் கோபம் வரும். அவர் கேட்கும் ஐட்டத்தையும் கடைப்பெயரையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள், சும்மா கேட்டாலும் சரி.

இன்னொன்று. இனிமேல் புது மசாலா போட வேண்டுமானால் முதல் மூன்று மாதம் வெறும் கவரில் ஸ்டிக்கர் ஒட்டி விற்போம். ஆயிரக்கணக்கில் கவர் அடித்துவிட்டால் அப்புறம் அந்த ஐட்டத்தை நிறுத்த மனசு வராது, சீஸில் அதுதான் நடந்தது.

ஞாயிறன்று அண்ணன் குலசேகரத்துக்காரரின் கடைசி மூன்று பில்லையும் எடுத்து வரவும். வடசேரி சூப்பர் மார்க்கெட் சீஸ் பற்றி என்ன சொல்கிறது என்று பெரியப்பா ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். அவர்கள் விட மாட்டோம் என்றால் அவர்களுக்கு மட்டும் போடலாமா என்று அன்றைக்குப் பேசுவோம். எனக்கு அதில் விருப்பமில்லை.