பாவு பிணைக்கும் கை: 60 வினாடி ஆவணப்படம்

இடம்: காலடிப்பேட்டை, திருவொற்றியூர். பெயர் போட வேண்டாம் என்று நெசவு செய்யும் அம்மா கேட்டிருக்கிறார். திரையில் "கைத்தறி நெசவாளர், காலடிப்பேட்டை" என்று மட்டும் வரட்டும். படம் முழுக்க இசை வேண்டாம்.

0:00–0:04
காட்சி: மேம்பாலத்தில் மெட்ரோ ரயில். கீழே சந்து, திறந்த கதவு.
ஒலி: ரயில் போனதும் உள்ளிருந்து தறிச் சத்தம்.

0:04–0:14
காட்சி: குழித்தறி. மிதிகட்டையில் கால்கள், குறுக்கே ஓடும் நாடா.
குரல்: 300 வருடங்களுக்கு முன்பு, கவர்னர் ஜோசப் கோலெட் நெசவாளர்களைக் குடிவைத்த ஊர் இது. இன்று தறி ஓடும் வீட்டைத் தேடித்தான் போக வேண்டும்.

0:14–0:36
காட்சி: தறி நிற்கிறது. விரல்கள் மட்டும், மிக நெருக்கத்தில். இந்த ஷாட்டை வெட்டவே வேண்டாம், படத்தின் உயிர் இதுதான். பேட்டியின்போதும் முகத்துக்குப் போகாமல் கையிலேயே நிற்கவும்.
ஒலி: தெருச் சத்தம் மட்டும். பாவு பிணைக்கும்போது தறி ஓடாது, பின்னணியில் தறிச் சத்தத்தை ஒட்டிவிடாதீர்கள்.
குரல்: தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு. அது தீர்ந்துவிட்டது. தறியின் விழுதிலும் அச்சிலும் கோத்த பழைய நுனிகள் அப்படியே இருக்கின்றன. புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு சேர்த்து முறுக்க வேண்டும். ஒரு சேலையின் அகலத்துக்கு 3,000 இழைக்கு மேல்.
பேட்டி 1: "நாடா ஓட்றத கண்ண மூடிக்கிட்டே பண்ணிடுவேன் தம்பி. இதுல ஒரு இழை மாறுனாலும் துணியில கோடு விழுந்துடும்."

0:36–0:46
காட்சி: இப்போதுதான் முகம். கேமராவைப் பார்த்தே பேசுகிறார்.
பேட்டி 2: "கூலி சேலைக்குத்தான். பிணைக்கிற நாளுக்குத் தனியா எதுவும் கிடையாது."
குரல்: அந்த நாளில் ஒரு சாண் துணிகூட விழாது. அதைச் செய்யாமல் அடுத்த சேலை தொடங்கவும் முடியாது.

0:46–1:00
காட்சி: தறி மறுபடி ஓடுகிறது. நெய்த சேலையின் ஓரம், அதில் வரிசையாகச் சிறு துளைகள். வெளிச்சம் பின்னாலிருந்து விழுந்தால்தான் துளை தெரியும், ஜன்னல் பக்கம் பிடித்துக் காட்டச் சொல்லவும்.
பேட்டி 3: "துணி சுருங்காம அகலமா நிக்கணும்னு ரெண்டு ஓரத்துலயும் ஊசி குத்தி இழுத்துக் கட்டுவோம். அந்த ஓட்டைதான் இது. டேமேஜ்னு சொல்லிக் கடையில திருப்பிக் கொடுத்துடாதீங்க."