வாய்மொழிச் சான்றுகள்: பதிவும் ஒப்புதலும் மேற்கோள் முறையும்

திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து தாய்த் தமிழகத்துடன் இணைவதற்கான போராட்டக் காலத்தை, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் வட்டங்களின் சாதாரணக் குடும்பங்கள் எப்படி நினைவில் வைத்திருக்கின்றன என்பதே இந்த ஆய்வின் கேள்வி. போராட்டக்காரர்கள் மீது போலீசார் நடத்திய 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச்சூடு, 1956 நவம்பர் 1 அன்று இவ்விரண்டு உட்பட நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தது, மார்ஷல் நேசமணியின் தலைமை ஆகியவற்றுக்கு அச்சுச் சான்றுகள் உண்டு. அன்று ஒரு வீட்டில் அடுப்பு எரிந்ததா, யார் ஓடி ஒளிந்தார்கள் என்பதற்குப் பெரியவர்களின் பேச்சு மட்டுமே சான்று. அதனால் அவர்கள் சொன்னதை அரசாணைக்குத் தரும் அதே கவனத்தோடு மேற்கோள் காட்டுகிறேன்.

மேற்கோள் ஒவ்வொன்றும் இந்த வடிவில் வரும்:

"எனக்க அப்பன் புதுக்கடை சந்தைக்குப் போனவரு. வெடிச் சத்தம் கேட்டதும் கருப்பட்டிப் பெட்டிய வழியில போட்டுட்டு ஓடி வந்தாரு. ராத்திரி விளக்கு வைக்கல்ல." (மு-5, பெண், 81 வயது, விளவங்கோடு வட்டம், பதிவு 14.05.2023, 00:41:20; ஒப்புதல் ஆ)

'மு' என்பது முதியவர். எண் பதிவு செய்த வரிசை. வயது பதிவு நாளில் அவரே சொன்னது. நேரக் குறிப்பு, ஒலிப்பதிவில் அந்த வாக்கியம் தொடங்கும் இடம். ஊர்ப் பெயரை விட்டு வட்டத்தோடு நிறுத்தியிருக்கிறேன். சிறிய ஊர்களில் வயதும் தொழிலும் தெரிந்தால் ஆள் தெரிந்துவிடும்.

கடைசியில் வரும் எழுத்து ஒப்புதலின் அளவு. 'அ' என்றால் சொற்களையும் குரலையும் பயன்படுத்தலாம். 'ஆ' என்றால் சொற்களை இந்த ஆய்வேட்டிலும் அதிலிருந்து எழுதும் கட்டுரைகளிலும் மட்டும் பயன்படுத்தலாம், குரலை வெளியிடக் கூடாது. 'இ' என்றால் செய்தியை என் நடையில் சொல்லலாம், நேர்மேற்கோள் கூடாது. ஒரே ஆளே ஒரு பகுதிக்கு 'அ', இன்னொன்றுக்கு 'இ' என்று தந்திருக்கிறார். ஆகவே ஒப்புதலை ஆளோடு சேர்க்காமல் பகுதியோடு சேர்த்திருக்கிறேன்.

ஒப்புதல் வாங்கிய விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பல்கலைக்கழக நெறிமுறைக் குழு ஏற்ற படிவத்தை முதலில் வாசித்துக் காட்டினேன். என்ன ஆய்வு, யார் கேட்பார்கள், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், பிறகு திரும்பப் பெறவும் செய்யலாம் என்பதை எல்லாம் பேச்சு வழக்கில் விளக்கினேன். அப்புறம்தான் ரெக்கார்டரை இயக்கினேன். எழுதத் தெரிந்தவர்கள் கையெழுத்திட்டார்கள். மு-3 கைநாட்டு வைக்க மறுத்தார். கைநாட்டு வாங்கித்தான் தங்கள் குடும்ப நிலத்தை எழுதி வாங்கினார்கள் என்றார். "வாயால சொல்லுதேன், அது போதும்" என்றார். அவருடைய ஒப்புதல் பதிவின் தொடக்கத்தில் அவர் குரலிலேயே இருக்கிறது. என் பார்வையில் அது கைநாட்டை விட உறுதியான சான்று. இந்த வாக்கியங்களை இங்கே எழுதவும் அவரிடம் தனியே அனுமதி பெற்றேன்.

சாட்சியாக யார் உடனிருப்பது என்பதும் எளிதல்ல. மகனோ மருமகளோ பக்கத்தில் இருந்தபோது சில பெண்கள் பேச்சைச் சுருக்கிக்கொண்டார்கள். அதனால் சாட்சியை அவர்களே தேர்ந்தெடுக்கச் சொன்னேன். பெரும்பாலும் பக்கத்து வீட்டுத் தோழிதான் வந்தார்.

மு-8 தன் பெயரை வெளியிடச் சொல்லி வற்புறுத்தினார். ஆனால் அவர் சொன்ன கதையில் வழக்கில் சிக்கிய அண்டை வீட்டாரும் வருகிறார்கள். அவர்களின் பிள்ளைகள் இன்றும் அங்கேயே வாழ்கிறார்கள். இதைச் சொன்னதும், "அவங்களுக்குக் கேடு வேண்டாம்" என்று குறியீட்டுக்குச் சம்மதித்தார்.

எழுத்துப்படியை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மு-11 தன் தமையனைப் பற்றிய பகுதியை நீக்கச் சொன்னார். அந்தப் பகுதி ஒலிக்கோப்பிலிருந்தும் அழிக்கப்பட்டது, இந்த ஆய்வு அதை எங்கும் பயன்படுத்தவில்லை. மு-2 பதிவுக்குப் பின் காலமானார். தனக்குப் பிறகு மகள் சொல்வதே முடிவு என்று பதிவிலேயே சொல்லியிருந்தார். மகளிடம் கேட்டு, 'அ' என்றிருந்ததை 'ஆ' ஆக்கினேன்.

நினைவு ஏட்டோடு முரண்படும் இடங்களில் பேச்சைத் திருத்தவில்லை. துப்பாக்கிச்சூடும் இணைப்பும் ஒரே வருடம் நடந்ததாக மு-6 சொல்கிறார். இடையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. இரண்டையும் அடுத்தடுத்துத் தந்திருக்கிறேன். அவருக்கு அவை ஏன் ஒன்றாகத் தெரிந்தன என்பதை நான்காம் இயல் ஆராய்கிறது. மலையாளம் கலந்த பேச்சும் அப்படியே இருக்கிறது, தேவையான இடத்தில் பொருள் மட்டும் சேர்த்திருக்கிறேன்.

ஒலிப்பதிவுகள் WAV கோப்புகளாகக் கடவுச்சொல்லுடன் உள்ளன. பெயர்ப் பட்டியல் தனியே பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பதிவின் நகலும் அந்தந்தக் குடும்பத்துக்குப் பென் டிரைவில் தரப்பட்டது. 'அ' பகுதிகளைக் கேட்க விரும்பும் ஆய்வாளர்கள் என் நெறியாளர் வழியாக எழுத்தில் விண்ணப்பிக்கலாம். மற்ற இரண்டு வகைப் பதிவுகளும் யாருக்கும் தரப்படாது.