முழு நேர கிரிக்கெட் பயிற்றுநர் தேவை: சுங்கை சிப்புட், பேராக்

சுங்கை சிப்புட்டில் இயங்கும் எங்கள் தனியார் கிரிக்கெட் அகாடமிக்கு முழு நேரப் பயிற்றுநர் ஒருவர் தேவை. ஆண், பெண் இருவரும் விண்ணப்பிக்கலாம். 9 முதல் 17 வயது வரை 46 பிள்ளைகள் படிக்கிறார்கள். அதில் 11 பேர் பெண் பிள்ளைகள். பாதிப் பேர் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இருந்து வேனில் வருகிறார்கள்.

பிள்ளைகளைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறோம். டேப் சுற்றிய டென்னிஸ் பந்தில், லயத்து வாசலில் ஆடிப் பழகியவர்கள். ஆஃப் சைடில் சாக்கடை, அதனால் எந்தப் பந்து வந்தாலும் லெக் சைடுக்கே இழுப்பார்கள். கை வேகம் அபாரம், ஆனால் தோல் பந்தைக் கண்டால் பின்னங்கால் தானாக நகர்ந்துவிடும். திட்டாமல் இதைத் திருத்தத் தெரிந்தவர்தான் எங்களுக்கு வேண்டும்.

தகுதி: மலேசியக் கிரிக்கெட் சங்கம் அல்லது ஐசிசியின் முதல் நிலைப் பயிற்றுநர் சான்றிதழ், எஸ்பிஎம் தேர்ச்சி, சிறுவர்களுக்குப் பயிற்சி அளித்த இரண்டு வருட அனுபவம். முதலுதவிச் சான்றிதழ் இல்லையென்றால் பரவாயில்லை, செலவை நாங்கள் ஏற்று அனுப்பி வைப்போம். மாநில அளவில் ஆடியிருந்தால் நல்லது, கட்டாயமில்லை. தமிழும் மலாயும் சரளமாகப் பேச வேண்டும். பிள்ளைகளோடு பழகும் வேலை என்பதால், சமூக நல இலாகாவில் பெயரைச் சரிபார்த்த பிறகே நியமனம்.

வேலை: திங்கள் விடுமுறை. செவ்வாய் முதல் வெள்ளி வரை மாலை 4 மணி முதல் 7 மணி வரை வலைப்பயிற்சி; சனி, ஞாயிறு காலை 7.30க்கே தொடங்கும். வாரத்தில் இரண்டு காலை, பக்கத்துத் தமிழ்ப்பள்ளிகளுக்குப் போய் புது முகங்களைத் தேட வேண்டும். ஆடுகளம் சிமெண்ட், மேலே தேங்காய் நார் விரிப்பு. நாலு மணி மழை இங்கே விருந்தாளி மாதிரி, சொல்லாமல் வரும். விரிப்பை ஓடிப் போய்ச் சுருட்டும் கூட்டத்தில் பயிற்றுநரும் இருப்பார். இடி கேட்டால் பயிற்சி உடனே நிற்கும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே திடலுக்குத் திரும்பலாம். 13 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர் ஒரே மூச்சில் 5 ஓவருக்கு மேல் வீசக்கூடாது. அப்பா வந்து கெஞ்சினாலும் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைப் பக்க அறிக்கை எழுதித் தர வேண்டும்.

சம்பளம்: தகுதிக்கும் அனுபவத்துக்கும் ஏற்ப மாதம் 2,800 முதல் 3,800 வெள்ளி வரை. ஈபிஎஃப், சொக்சோ உண்டு. வெளியூர்ப் போட்டிக்கு நாளொன்றுக்கு 60 வெள்ளி படி, சாப்பாடும் தங்குமிடமும் தனி. முதல் மூன்று மாதம் தகுதிகாண் காலம். அப்போதும் முழுச் சம்பளம்தான். வெளியூர்க்காரருக்குத் திடலுக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. வாடகை இல்லை, மின்கட்டணம் மட்டும் உங்களுடையது.

விண்ணப்பம்: ஜூன் மாதத்தில் எந்தச் சனிக்கிழமையும் காலை 8 மணிக்குச் சான்றிதழ் நகல்களோடு திடலுக்கே நேரில் வாருங்கள். நேர்காணல் என்று தனியாக ஒன்றும் இல்லை. பத்துப் பிள்ளைகளைக் கொடுப்போம், 40 நிமிடம் பயிற்சி கொடுத்துக் காட்டுங்கள். அப்புறம் ஒரு தே தாரிக் குடித்துக்கொண்டே சம்பளம் பேசலாம். காலணி மறக்க வேண்டாம், காலையில் புல் ஈரமாக இருக்கும்.