வார்ஃபரினா, அபிக்ஸபானா? ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் சிகிச்சைகளின் செலவு–பயன்திறன் ஒப்பீடு

4. செலவு–பயன்திறன் பகுப்பாய்வு

இதயத் துடிப்பு சீரற்றுப்போகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளிகளுக்குப் பக்கவாதம் வராமல் தடுக்க இரண்டு வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன். இரண்டுமே ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள். ஒன்று, ரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் ஐஎன்ஆர் பரிசோதனையோடு கொடுக்கப்படும் வார்ஃபரின். மற்றொன்று, தினம் இரண்டு வேளை அபிக்ஸபான். இந்தியாவில் சிகிச்சை பெறும் 1,000 பேர் கொண்ட குழுவை ஓராண்டுக்குக் கணக்கிட்டிருக்கிறேன். உயிரிழப்பு, பக்கவாதம் ஆகியவற்றால் பின்னாளில் இழக்கும் வாழ்நாளை 3% தள்ளுபடி விகிதத்தில் சேர்த்திருக்கிறேன். நோயாளி கைக்காசு போட்டுச் செலவழிக்கும் பயணச் செலவும் கணக்கில் உண்டு. இழந்த கூலி இல்லை.

பயன் பற்றிய எண்கள், இவ்விரு மருந்துகளையும் 18,201 நோயாளிகளிடம் ஒப்பிட்ட அரிஸ்டாட்டில் ஆய்விலிருந்து (2011) எடுக்கப்பட்டவை. விலைகளும் வாழ்நாள் இழப்புகளும் இந்த ஒப்படைப்புக்காக நான் வைத்துக்கொண்ட அனுமானங்கள்.

வார்ஃபரின் மாத்திரை மலிவு, ஆண்டுக்கு ரூ. 1,500தான். செலவு வைப்பது அதன் கூடவே வரும் பரிசோதனை. மாதம் ஒரு ஐஎன்ஆர் ரூ. 300, போய்வர ரூ. 200 என்றால் ஆண்டுக்கு ரூ. 6,000 சேர்ந்து, ஒருவருக்கு ரூ. 7,500 ஆகிறது. அபிக்ஸபான் மாத்திரை ஒன்று ரூ. 15, ஆண்டுக்கு ரூ. 10,950. சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்க்க இரண்டு முறை வந்துபோக ரூ. 1,000. மொத்தம் ரூ. 11,950.

| 1,000 பேருக்கு, ஓராண்டில் | வார்ஃபரின் | அபிக்ஸபான் |
|---|---|---|
| பக்கவாதம் / ரத்தக்கட்டி அடைப்பு | 16.0 | 12.7 |
| பெரும் ரத்தக்கசிவு | 30.9 | 21.3 |
| இதில் மூளை ரத்தக்கசிவுப் பக்கவாதம் | 4.7 | 2.4 |
| உயிரிழப்பு | 39.4 | 35.2 |
| மொத்தச் செலவு (ரூ. லட்சம்) | 114.72 | 149.89 |

மூன்றாவது வரியைத் தனியே காட்டியதற்குக் காரணம் உண்டு. மூளைக்குள் ரத்தம் கசிந்து வரும் பக்கவாதம் முதல் வரியிலும் இருக்கிறது, இரண்டாம் வரியிலும் இருக்கிறது. அப்படியே கூட்டினால் ஒரே நோயாளிக்கு இரண்டு முறை செலவு எழுதியதாகிவிடும். எனவே அதை ரத்தக்கசிவிலிருந்து கழித்துவிட்டேன். தவிர்க்கப்பட்ட ரத்தக்கசிவுகள் 9.6 அல்ல, 7.3. பக்கவாதத்துக்கு ரூ. 1,50,000, ரத்தக்கசிவுக்கு ரூ. 60,000 என்று வைத்தால் அபிக்ஸபான் ரூ. 9.33 லட்சம் மிச்சப்படுத்துகிறது. மருந்துக்கும் கண்காணிப்புக்கும் ஆகும் கூடுதல் ரூ. 44.50 லட்சத்தில் இதைக் கழித்தால் நிகரக் கூடுதல் செலவு ரூ. 35.17 லட்சம்.

பயனைத் தர வாழ்வாண்டில் அளக்கிறேன்; முழு ஆரோக்கியத்தோடு வாழும் ஓராண்டுதான் ஒரு தர வாழ்வாண்டு. தவிர்க்கப்பட்ட ஒவ்வோர் இறப்புக்கும் 5 தர வாழ்வாண்டுகள், பக்கவாதத்தில் பிழைப்பவர்கள் மூன்றில் இரண்டு பங்கு என்று கொண்டு, அவர்களில் ஒருவருக்கு 1, ரத்தக்கசிவுக்கு 0.02. இவற்றின் கூட்டுத்தொகை 21 + 2.2 + 0.15 = 23.35 தர வாழ்வாண்டுகள்.

ரூ. 35,17,000 ÷ 23.35 ≈ ரூ. 1,50,600

ஒரு கூடுதல் தர வாழ்வாண்டுக்கு ஆகும் விலை இது. இந்தியாவில் வழக்கமாகக் கொள்ளப்படும் எல்லை, தனிநபர் மொத்த உள்நாட்டு உற்பத்தி. அதை ஏறத்தாழ ரூ. 2 லட்சம் என்று கொண்டால் அபிக்ஸபான் எல்லைக்குள் வருகிறது.

ஆனால் அந்த 23.35இல் 21 இறப்புக் குறைவிலிருந்து மட்டுமே வந்தது. ஆய்வில் அதன் இடர் விகிதம் 0.89, நம்பக இடைவெளியின் மேல்முனை 0.998. அந்த மேல்முனை 1ஐத் தாண்டியிருந்தால் வித்தியாசம் உண்டு என்று உறுதியாகச் சொல்ல முடியாது; மயிரிழையில்தான் தேறியிருக்கிறது. இறப்பில் வித்தியாசமே இல்லை என்று வைத்துப் பார்த்தால் மிஞ்சுவது 2.35, ஒரு தர வாழ்வாண்டின் விலை சுமார் ரூ. 15 லட்சத்துக்கு எகிறிவிடும். இது கடைசி எல்லைக்குப் போய்ப் பார்ப்பதுதான், இருந்தாலும் முடிவு எதன் மேல் நிற்கிறது என்று இதில் தெரிந்துவிடுகிறது.

யாருடைய பணப்பை என்பதும் முடிவை மாற்றுகிறது. பயணச் செலவை விட்டுவிட்டு மருத்துவச் செலவை மட்டும் பார்த்தால் விகிதம் ரூ. 2,36,300; எல்லையைத் தாண்டிவிடும். மாறாக, மொத்தக் கொள்முதலில் மாத்திரை ரூ. 10க்குக் கிடைத்தால் அபிக்ஸபான் பயனும் அதிகம், செலவும் குறைவு. பிறகு விகிதமே தேவையில்லை. ஆக, பேரம் பேச வேண்டிய எண் மாத்திரை விலைதான் என்பது என் கருத்து.

அரிஸ்டாட்டில் ஆய்வில் வார்ஃபரின் குழுவின் ஐஎன்ஆர் சரியான அளவில் இருந்த நேரம் (இடைநிலை) 66%. நம் ஊரில் பெரும்பாலும் இதைவிடக் குறைவு என்பதால், இந்தக் கணக்கு வார்ஃபரினுக்குக் கொஞ்சம் சலுகை காட்டியிருக்கலாம்.

ருமாட்டிக் இதய நோயால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களை இந்தக் குழுவில் சேர்க்கவில்லை. 2022இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில், ருமாட்டிக் நோயாளிகளிடையே அபிக்ஸபான் வகையைச் சேர்ந்த ரிவராக்ஸபானைவிட, வார்ஃபரின் போன்ற வைட்டமின் கே எதிர்ப்பு மருந்து பெற்றவர்களில்தான் இறப்பு குறைவாக இருந்தது. அவர்களுக்கு மேலே உள்ள எந்த எண்ணும் பொருந்தாது.