பீ.பீ.குளம் கடை வாடகை ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன் படிக்க வேண்டிய சுருக்கம்

செல்வி அக்காவுக்கு,

உரிமையாளர் தரப்பு அனுப்பிய 14 பக்க வரைவை முழுக்கப் படித்துவிட்டேன். மே 15-ஆம் தேதி கையெழுத்து என்று நாள் குறித்திருக்கிறார்கள். இப்போது இருக்கிறபடி இதில் கையெழுத்துப் போட வேண்டாம். கடையை விட்டுவிடச் சொல்லவில்லை. இடம் நல்ல இடம், வாடகையும் நியாயம்தான். சில ஷரத்துகள் மாறினால் போதும்.

உங்கள் மாவுக் கடைக்கான இடம்: பீ.பீ.குளம், மதுரை, தரைத்தளம், 420 சதுர அடி.
காலம்: 36 மாதம்.
அட்வான்ஸ்: 3,20,000 ரூபாய், வட்டியில்லை.

தேதிகள்

15.05.2026: கையெழுத்து. அன்றே முழு அட்வான்ஸும் தர வேண்டும்.
01.06.2026: சாவி கைமாறும் நாள். வாடகையும் அன்றே தொடங்குகிறது.
ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி: வாடகைக்குக் கடைசி நாள். தாண்டினால் மாதம் 2% வட்டி.
01.06.2027: வாடகை 32,000-லிருந்து 35,200.
31.05.2028: லாக்-இன் முடிவு, அதாவது இடையில் காலி செய்யக் கூடாத 24 மாதம் முடியும் நாள்.
01.06.2028: வாடகை 38,720.
28.02.2029: தொடர்ந்து இருக்க விரும்பினால் எழுத்தில் தெரிவிக்கக் கடைசி நாள்.
31.05.2029: ஒப்பந்தம் முடிவு.

இந்த 28.02.2029 தேதியை இப்போதே போனில் குறித்து வையுங்கள். பதிவுத் தபாலில்தான் அனுப்ப வேண்டும், வாட்ஸப் செல்லாது என்று ஷரத்து 19 சொல்கிறது. அப்படி அனுப்பினாலும் புது வாடகை "அன்றைய சந்தை நிலவரப்படி, இருவர் சம்மதத்துடன்" என்றுதான் இருக்கிறது. உரிமையாளர் சம்மதிக்காவிட்டால் நீட்டிப்பு இல்லை. ஆக, உங்கள் கையில் உறுதியாக இருப்பது மூன்று வருடம்தான் என்று கணக்குப் போடுங்கள். அந்த மூன்று வருடமும் உறுதியா என்றால், அதுவும் இல்லை. கீழே பாருங்கள்.

ஷரத்து 8-உம் ஷரத்து 22-உம்

இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எட்டு உங்களைக் கட்டிப்போடுகிறது: 24 மாதத்துக்கு முன் காலி செய்தால் மீதி மாதங்களின் வாடகை முழுவதையும் தர வேண்டும். வியாபாரம் ஓடவில்லை, எட்டு மாதத்தில் மூடுகிறீர்கள் என்று வையுங்கள். மீதி 16 மாதம்: நான்கு மாதம் 32,000 வீதம், பன்னிரண்டு மாதம் 35,200 வீதம், மொத்தம் 5,50,400 ரூபாய். அட்வான்ஸ் மொத்தத்தையும் பிடித்துக்கொண்டு மேற்கொண்டு 2,30,400 கேட்கலாம்.

இருபத்திரண்டு உரிமையாளரை அவிழ்த்துவிடுகிறது: கட்டடத்தை விற்க முடிவு செய்தால் 60 நாள் நோட்டீஸில் நீங்கள் காலி செய்ய வேண்டும். நீங்கள் போடும் கிரைண்டர் மேடை, டைல்ஸ், வடிகால் எதற்கும் ஈடு கிடையாது. கட்டடம் கைமாறினால் வாங்குபவர் குத்தகையோடு சேர்த்துத்தான் வாங்குகிறார் என்பது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் பொது விதி. அதை எழுத்தில் தள்ளி வைக்கத்தான் இந்த ஷரத்து.

கேட்க வேண்டியது: லாக்-இன் 12 மாதமாகக் குறையட்டும், அது இருவருக்கும் பொருந்தட்டும். முன்னால் போனால் அபராதம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. விற்பனை ஷரத்தை நீக்க வேண்டும்.

இன்னொரு கண்ணி: லாக்-இன் "முடிந்த பிறகு" மூன்று மாத நோட்டீஸ் என்று இருக்கிறது. அப்படியென்றால் நீங்கள் உண்மையில் வெளியே வர முடிவது 31.08.2028, அதாவது 27 மாதம். "லாக்-இன் காலத்துக்குள்ளேயே நோட்டீஸ் தரலாம்" என்று ஒரு வரி சேர்த்தால் சரி.

யார் கையெழுத்துப் போடுகிறார்?

பட்டாவும் இ.பி. இணைப்பும் இன்னும் உரிமையாளருடைய காலமான அப்பா பெயரில் இருக்கின்றன. வாரிசுகள் மூன்று பேர். வரைவில் மூத்தவர் மட்டும்தான் உரிமையாளர். நாளைக்குத் தங்கை வந்து "எனக்குத் தெரியாமல் கொடுத்தது" என்று சொன்னால் இழுபறி உங்கள் கடை வாசலில்தான் நடக்கும். வாரிசுச் சான்றிதழ் நகல், மூவரின் கையெழுத்து அல்லது மற்ற இருவரும் மூத்தவருக்குக் கொடுத்த பதிவு செய்த அதிகாரப் பத்திரம், இது இல்லாமல் ஒரு ரூபாய் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வில்லங்கச் சான்றிதழை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பதிவு

முத்திரைத் தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கினால் போதும் என்கிறார்கள். போதாது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுச் சட்டப்படி (1908) சார்பதிவாளரிடம் பதிந்தாக வேண்டும். பதியாவிட்டால் இந்த 36 மாதத்தை நீதிமன்றத்தில் நிரூபிப்பது கஷ்டம். மாதவாடகைக்காரர் என்ற நிலைக்கு வந்துவிடுவீர்கள், 15 நாள் நோட்டீஸே போதும் என்றாகிவிடும். முத்திரைத்தீர்வை 1%. வாடகை மொத்தம் 12,71,040, அட்வான்ஸ் சேர்த்தால் 15,91,040. ஆக 16,000-க்குப் பக்கம், பதிவுக் கட்டணம் தனி. வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் குத்தகைக்கு முத்திரைத்தீர்வை வாடகைதாரர் தலையில்தான். பாதி கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி வாடகை அதிகார அமைப்பிலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும்.

உங்கள் தொழிலுக்கான ஷரத்து

ஷரத்து 5 "சில்லறை மளிகை விற்பனைக்கு மட்டும்" என்கிறது. நீங்கள் மாவு அரைக்கிறீர்கள். மூன்று கிரைண்டர், நாள் முழுக்கத் தண்ணீர், காலை நான்கு மணிக்குச் சத்தம். மாடியில் குடியிருப்பவர் ஒரு புகார் கொடுத்தால் ஒப்பந்த மீறல் என்று இதே வரியைக் காட்டுவார்கள். "இட்லி, தோசை மாவு அரைத்தல், பொதித்தல், விற்பனை, காலை 4 முதல் இரவு 10 வரை" என்று அப்படியே எழுத வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவில் முகவரி மாற்றத்துக்கும் இது உதவும்.

இப்போது இருப்பது சிங்கிள் ஃபேஸ் இணைப்பு. கூடுதல் லோடு உங்கள் செலவு, ஆனால் உரிமையாளர் சம்மதம் வேண்டும், எப்போது தருவார் என்று சொல்லவில்லை. த்ரீ ஃபேஸ் விண்ணப்பத்தில் அவர்கள் கையெழுத்து இல்லாமல் கடையே திறக்க முடியாது. ஒப்பந்தம் போடும் அன்றே அந்தக் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள்.

"ஜூலையிலிருந்து வாடகை கொடுத்தால் போதும்" என்று அவர் வாய்வழியாகச் சொன்னதாகச் சொன்னீர்கள். வரைவில் அது எங்கும் இல்லை. தவிர, முன்பு பேசிய எதுவும் செல்லாது என்று ஷரத்து 27 இருக்கிறது. 32,000 ரூபாய் விஷயம். எழுத்தில் வரட்டும்.

மற்றவை

அட்வான்ஸ் பத்து மாத வாடகை. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாதம்தான் என்று 2017 சட்டம் சொல்கிறது. கையெழுத்துப் போட்டால் பத்துக்கு நீங்களே சம்மதித்ததாகிவிடும். ஆறு கேளுங்கள். திருப்பித் தருவது காலி செய்து 90 நாளில் என்பதை, சாவி ஒப்படைக்கும் அன்றே என்று மாற்ற வேண்டும். பெயிண்ட் செலவுக்குப் பிடித்தம் உண்டு என்பதால், உள்ளே போகும் முதல் நாள் சுவர், தரை, ஷட்டர் எல்லாம் போட்டோ எடுத்து இருவரும் கையெழுத்திட்டு இணைப்பாக வைக்கலாம்.

"எல்லா வரியும் வாடகைதாரர்" என்கிறது ஷரத்து 11. சொத்து வரியைப் பெயர் சொல்லி விலக்குங்கள். ஜி.எஸ்.டி. இப்போது கவலையில்லை, இருவருமே பதியவில்லை. பிறகு சூப்பர் மார்க்கெட்டுக்குச் சப்ளை செய்வதற்காக நீங்கள் வழக்கமான முறையில் பதிந்தால், அவர் பதியாதவராகவே இருந்தாலும் வாடகைக்கு 18% நீங்களே கட்ட வேண்டும், அக்டோபர் 2024 முதல் அப்படி. மாதம் 5,760. காம்போசிஷன் முறை என்றால் இது இல்லை.

அட்வான்ஸ் தொகையும் பெயிண்டும் பேரம், விட்டுக்கொடுக்கலாம். வாரிசுகள் கையெழுத்து, பதிவு, ஷரத்து 5, 8, 22, ஜூலை வாடகை ஆகியவை பேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரோடு பேசப் போகும்போது சொல்லுங்கள், நானும் வருகிறேன். அதுவரை டோக்கன் அட்வான்ஸ் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.