குன்னூர்–ஊட்டி பஸ்ஸில் நாற்பது நிமிடம்: குரூப் 4-க்கு ஒரு வாரக் கேட்புத் திட்டம்

இது குன்னூர் பஸ் ஸ்டாண்டில் காலையில் ஏறி, ஊட்டி சேரிங்கிராஸ் பக்கத்துக் கடையில் பில் போடும் வேலைக்குப் போகிற, அதோடு குரூப் 4-க்கும் படிக்கிற உங்களுக்கான திட்டம். திங்கள் முதல் சனி வரை காலைப் பயணத்துக்கு மட்டும். மாலை பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறபோது பாடம் ஏறாது, பாட்டுக் கேளுங்கள்.

தேர்வில் 200 கேள்விகள்: தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. தமிழிலும் பொது அறிவிலும் பெரும்பகுதி காதால் படிக்கக் கூடியது. காதுக்கு ஒத்துவராதவை மூன்று. வழிமுறையோடு போடும் கணக்குக்குப் பேனா வேண்டும், வரைபடத்துக்குக் கண் வேண்டும். மூன்றாவது எழுத்துப்பிழை. அரம், அறம் இரண்டும் நம் பேச்சில் ஒன்றாகவே கேட்கும். ர–ற குழப்பத்தை ஒலிப்பதிவு தீர்க்காது. இவை மூன்றும் இரவில் மேசைக்கு. சதவீதத்தைப் பின்னமாக்குவது (12.5% என்றால் 1/8) மட்டும் காதில் நன்றாக ஏறும்.

நாற்பது நிமிடத்தின் பங்கீடு

முதல் 4 நிமிடம், முந்தைய பாடத்தின் 12 கேள்விகள். அடுத்த 16 நிமிடம், 8 நிமிடப் புதுப்பாடம் ஒன்று இரண்டு தடவை. பிறகு 8 நிமிடம், அதே பாடத்தின் 12 கேள்விகள் இரண்டு சுற்று. அடுத்த 8 நிமிடம் பழையது: மூன்று பாடங்களுக்கு முந்தைய 12 கேள்விகள், போன வாரம் இதே கிழமையின் 12 கேள்விகள். கடைசி 4 நிமிடம் ஒன்றும் ஓடக் கூடாது. லவ்டேல் ஜங்ஷன் தாண்டும்போது ஃபோனை உள்ளே வைத்துவிட்டு, இன்றைய பாடத்தை மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். இதைத்தான் எல்லாரும் முதலில் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாதது இதுதான்.

புதுப்பாடம் 8 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். இருபது நிமிடப் பாடமாக ஒரே மூச்சில் வைத்தால், ஒரு கொண்டை ஊசி வளைவில் கவனம் போனதும் மீதி எல்லாம் வெறும் சத்தம். சிறிய பாடம் இரண்டு தடவை ஓடினால், முதல் தடவை தவறியது இரண்டாவதில் கிடைக்கும்.

முதல் வாரம்

திங்கள், திருக்குறள். பாடத்திட்டத்தில் உள்ள ஓர் அதிகாரத்தில் ஐந்து குறள் மட்டும். மீதி ஐந்து அடுத்த திங்கள். குறளை இரண்டு முறை, பொருளை ஒரு முறை சொல்லுங்கள். கேள்விப் பகுதியில் முதல் இரண்டு சீரோடு நிறுத்தினால் மிச்சத்தை நீங்கள் முடிக்க வேண்டும்.

செவ்வாய், தமிழக வரலாறு. இந்த வாரம் கட்டபொம்மனும் வேலூர்ப் புரட்சியும். கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16. மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது 1801 அக்டோபர் 24. இரண்டும் அக்டோபர் என்பதால் ஒரே நாளில் கேட்டால் கலந்துவிடும். அதனால் மருது அடுத்த செவ்வாய்க்குப் போகட்டும். ஒப்பிட்டுக் கேட்கும் கேள்வியை அந்த வாரச் சனிக்கிழமையில் வையுங்கள். வேலூர் 1806 ஜூலை 10.

புதன், அரசியலமைப்பு. உறுப்புகள் 14 முதல் 18 வரை, 19, 21, 21அ, 32. வெறும் எண்ணாகப் படிக்காமல் எண்ணோடு ஒரு நிகழ்வைச் சேருங்கள். கல்வி உரிமையான 21அ, 2002-இல் 86-வது திருத்தத்தால் வந்தது.

வியாழன், புவியியல். தொட்டபெட்டா 2637 மீட்டர். மேற்குத் தொடர்ச்சியும் கிழக்குத் தொடர்ச்சியும் சந்திப்பது நீலகிரியில். நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986. மலை ரயில் குன்னூருக்கு 1899, ஊட்டிக்கு 1908, யுனெஸ்கோ பட்டியலில் 2005.

வெள்ளி, போன வார நடப்பு நிகழ்வுகள், ஞாயிறு அன்று செய்தித்தாளிலிருந்து எடுத்தவை. சனிக்கிழமை புதியது கிடையாது. வாரத்தின் 60 கேள்விகளும் கலந்து ஓடும், இருபது நிமிடம் ஆகும். தவறியவை மறுபடி.

முதல் வாரத்தில் பழைய கேள்விகள் இருக்காது. அந்த 8 நிமிடத்தில் திங்கள்கிழமைக் குறளையே ஓடவிடுங்கள்.

பதிவு செய்வது

ஞாயிறு இரண்டு மணி நேரம் போதும். பள்ளிப் பாடப்புத்தகத்திலிருந்து ஐந்து பாடம் × 8 நிமிடம், ஐந்து கேள்வித் தொகுப்பு × 4 நிமிடம், மொத்தம் 60 நிமிடப் பதிவு. மோனோ, 64 கேபிபிஎஸ் போதும். நிமிடத்துக்கு அரை எம்பிதான் வரும், வாரம் முழுக்க 30 எம்பிக்குள். எல்லாம் ஃபோனிலேயே இருக்கட்டும். மலைப் பாதையில் சிக்னலை நம்பி யூடியூப் வைத்தால், வளைவுக்கு வளைவு சுற்றிக்கொண்டே நிற்கும்.

ஒரு கேள்வி இப்படிப் பதிவாக வேண்டும்:

“ஊராட்சிகளுக்கான 29 துறைகள் எந்த அட்டவணையில்?” (ஆறு விநாடி மௌனம்) “பதினோராவது அட்டவணை. பதினொன்று.” (நான்கு விநாடி மௌனம்)

ஒரு கேள்விக்கு இருபது விநாடி. அந்த ஆறு விநாடியைச் சுருக்காதீர்கள். இரண்டு விநாடியில் விடை வந்துவிட்டால், ‘எனக்குத் தெரிந்ததுதானே’ என்று தோன்றிவிடும். தெரியாதது வெளியே வராது. நான்கு விடைகளையும் வாசிக்க வேண்டாம், காதில் நான்கும் தங்காது.

ஆண்டுகளை இரண்டு விதமாகச் சொல்லுங்கள்: “ஆயிரத்து எண்ணூற்று ஆறு. ஒன்று, எட்டு, பூஜ்ஜியம், ஆறு.” இரண்டாவது கியரில் பஸ் உறுமும்போது அறுபதும் எழுபதும் ஒன்றுபோலவே கேட்கும்.

கோப்புகளுக்கு `01-02.m4a` என்று பெயரிடுங்கள்: பாட எண், பிறகு பகுதி எண். முன்னால் சுழியம் இல்லாவிட்டால் பல பிளேயர்கள் 1-க்குப் பிறகு 10-ஐ ஓட்டும். அன்றைய வரிசையை முந்தின இரவே பிளேலிஸ்டாகப் போட்டுவிடுங்கள். வளைவில் திரையைப் பார்த்து விரலை ஓட்டினால் தலை சுற்றும்.

பஸ்ஸில்

இன்ஜின் முன்னால், சக்கரத்துக்கு மேல் குலுக்கல். நடு வரிசைச் சீட்டுதான் நல்லது. காதை மூடுகிற சிலிக்கான் முனை உள்ள இயர்போன் வாங்குங்கள். அது வெளிச் சத்தத்தை மறைப்பதால் ஒலியைக் கூட்டத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம் வரை பாதுகாப்பு என்கிறது. சத்தம் கூடக் கூட அந்த நேரம் வேகமாகக் குறையும். சேரிங்கிராஸில் இறங்குமுன் இரண்டு காதிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

ஜூன், ஜூலை மழையில் ஷட்டரை இறக்கினால் கூரைச் சத்தத்தில் புதுப்பாடம் கேட்காது. அன்று பழைய கேள்விகளை மட்டும் ஓட்டி, புதுப்பாடத்தை மறுநாளுக்குத் தள்ளுங்கள். ஏப்ரல், மே சீசனில் பயணம் ஒரு மணி நேரத்தைத் தாண்டினாலும் புதியது சேர்க்காதீர்கள். 40 நிமிடம் முடிந்ததும் நிறுத்திவிட்டு, கேத்திப் பள்ளத்தாக்கைப் பாருங்கள்.

தவறிய கேள்விகளில் மூன்றை மட்டும், கடை திறப்பதற்குள் பில் தாளின் பின்பக்கம் குறித்து வையுங்கள். ஞாயிறு பதிவில் அவை முதல் கேள்விகளாக வரும். ஒரே கேள்வி மூன்று வாரம் தவறினால், அதை ஒலியிலிருந்து எடுத்துவிட்டு மேசையில் எழுதிப் படியுங்கள்.