டயாலிசிஸ் இலவசம், ஆனால் போய்வர வண்டியில்லை | திருவோணம் – தஞ்சாவூர் மூன்றாவது வண்டிக்கு உதவுங்கள்

திருவோணம், ஒரத்தநாடு சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஐந்து சிறுநீரக நோயாளிகள் எங்கள் அறக்கட்டளை ஏற்பாடு செய்யும் வண்டியில் இடம் கேட்டுக் காத்திருக்கிறார்கள். அவர்கள் ஒரு வருடம் தஞ்சாவூர் போய்வர ₹2,75,000 வேண்டும். ஆகஸ்ட் 31-க்குள் திரட்டப் பார்க்கிறோம்.

நன்கொடை அளிக்க: https://dialysisvandi.org/kodai

₹500 கொடுத்தால் ஒரு நோயாளியும் அவருக்குத் துணையாக வருபவரும் ஒரு நாள் டயாலிசிஸுக்குப் போய்த் திரும்பலாம். ₹2,500 கொடுத்தால் அன்றைய வண்டி முழுவதும் உங்களுடையது.

அரசு மருத்துவமனையில் டயாலிசிஸுக்குக் காசு வாங்குவதில்லையே, அப்புறம் எதற்கு நன்கொடை என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சைக்கு இவர்கள் ஒரு ரூபாயும் கட்டுவதில்லை. செலவெல்லாம் வீட்டு வாசலுக்கும் அந்தக் கட்டிலுக்கும் இடையில்தான். வாரத்துக்கு இரண்டு தடவை போயாக வேண்டும், சிலருக்கு மூன்று தடவை. ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருக்க வேண்டும். கிராமத்திலிருந்து ஆட்டோ பிடித்து, காத்திருக்கச் சொல்லி, திரும்பி வந்தால் ₹1,200 கேட்கிறார்கள். தென்னந்தோப்பில் கூலிக்குப் போகிற வீட்டில் மாதத்துக்கு எட்டு ஒன்பது தடவை அதை எப்படிக் கொடுப்பது? 2018-இல் கஜா புயல் தோப்புகளைச் சாய்த்தபோது வாங்கிய கடனையே இன்னும் அடைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களும் இதில் உண்டு.

பேருந்தில் போகலாமே என்பது அடுத்த கேள்வி. காலை முதல் ஷிஃப்டுக்கு ஆறரைக்கெல்லாம் அங்கே இருக்க வேண்டும். உள்கிராமங்களிலிருந்து அந்த நேரத்துக்குப் பேருந்து கிடையாது. திரும்பும்போதுதான் இன்னும் சிரமம். உடம்பிலிருந்து இரண்டு மூன்று லிட்டர் நீரை எடுத்துவிட்ட பிறகு இரத்த அழுத்தம் இறங்கி, எழுந்து நின்றாலே தலை சுற்றும். ஊசி குத்திய கையில் கட்டுப் போட்டிருக்கும். நெரிசலில் யாராவது அந்தக் கையை இடித்தால் மறுபடி இரத்தம் கசியும்.

வீடியோவில் ஓர் அம்மா இடது முழங்கைக்குக் கீழே விரலை வைத்துக் காட்டுவார். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட இடம் அது. உள்ளே இரத்தம் ஓடுகிற ஓட்டம் விர்ரென்று விரலில் தெரியும். காலையில் எழுந்ததும் அந்தத் துடிப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாராம். இப்போது காத்திருக்கும் ஐந்து பேரில் அவரும் ஒருவர். பணம் புரளாத வாரங்களில் ஒரு முறை மட்டும் போகிறார். போகாத நாட்களில் கால் வீங்குகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தபடியே விடிய விடிய இருக்கிறார். ஒரு முறை விட்டால் உடம்பில் நீர் மட்டும் சேர்வதில்லை, பொட்டாசியமும் ஏறும். அது அளவு மீறினால் இதயத்தையே நிறுத்திவிடும். அதனால்தான் இதைத் தள்ளிப்போட முடியாத செலவு என்கிறோம்.

எங்களிடம் சொந்த வண்டி கிடையாது. வாங்கவும் உத்தேசமில்லை. ஒரு டெம்போ டிராவலரை நாள் வாடகைக்கு எடுக்கிறோம். டீசல், ஓட்டுநர் பேட்டா எல்லாம் சேர்த்து ₹2,500. ஐந்து நோயாளிகளும் ஐந்து துணையாட்களும் போகிறார்கள், ஆகவே ஒரு நோயாளிக்கு ₹500. திங்கள் – வியாழன் ஒரு குழு, செவ்வாய் – வெள்ளி இன்னொரு குழு என்று பத்துப் பேர் இப்போது போய்வருகிறார்கள். புதன் – சனி மூன்றாவது குழுவுக்குத்தான் இந்த வேண்டுகோள். வருடத்துக்கு 104 நாள் வாடகை ₹2,60,000. மீதி ₹15,000, இடையில் மூச்சுத்திணறி அவசரமாகப் போக நேரும் நாட்களின் ஆட்டோ செலவுக்கு. உயிருக்கு ஆபத்தென்றால் 108-ஐத்தான் அழைக்கிறோம். அந்த அளவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் இந்தத் தொகை.

வீடியோவில்:
0:00 காலை 4:45, வண்டி கிளம்புகிறது
1:10 ஃபிஸ்டுலா கை
2:05 நாலு மணி நேரம் வெளியே காத்திருக்கும் துணையாட்கள்
3:20 வாடகைச் சீட்டுகளும் கணக்கு நோட்டும்

முகம் காட்டியிருப்பவர்கள் எல்லோரும் வீடியோவை முழுதாகப் பார்த்துச் சம்மதம் சொன்னவர்கள். இருவர் வேண்டாம் என்றார்கள், அவர்களின் கைகளை மட்டும் எடுத்தோம். யாராவது பின்னால் மனம் மாறினால் அந்தப் பகுதியை நீக்கிவிடுவோம்.

கணக்கு

கடந்த நிதியாண்டில் வந்தது ₹5,71,000. வண்டி வாடகை ₹5,20,000, அவசர ஆட்டோ ₹21,400, தணிக்கையாளர் கட்டணம் ₹12,000, இணையப் பணப்பரிமாற்றக் கட்டணம் ₹6,300, தொலைபேசியும் அச்சுச் செலவும் ₹3,200. மீதி ₹8,100 வங்கியில் இருக்கிறது. அறங்காவலர்கள் நால்வரும் சம்பளமோ பயணப்படியோ எடுப்பதில்லை. ஒவ்வொரு நாள் வாடகைச் சீட்டும், தணிக்கை அறிக்கையும் இங்கே: https://dialysisvandi.org/kanakku

மாதம் பிறந்து பத்தாம் தேதிக்குள் முந்தைய மாதக் கணக்கை ஏற்றிவிடுவோம்.

ஒரு விஷயத்தில் நாங்கள் கறாராக இருக்கிறோம். ஆறு மாத வாடகையான ₹1,30,000 கைக்கு வராமல் மூன்றாவது குழுவைத் தொடங்க மாட்டோம். ஒருவரை வண்டியில் ஏற்றி, இனி நாங்கள் இருக்கிறோம் என்று நம்பவைத்து, மூன்றாம் மாதம் கைவிரிப்பதைவிடப் பெரிய தீங்கு இல்லை. ஆகஸ்ட் 31-க்குள் அந்தத் தொகை சேராவிட்டால் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பிக் கேட்போம்: திரும்ப வேண்டுபவர்களுக்கு 30 நாளில் திருப்பித் தருவோம், வேண்டாம் என்பவர்களின் பணம் இப்போதுள்ள பத்துப் பேரின் வண்டிக்குப் போகும். இலக்குக்கு மேல் வந்தால் அதை அடுத்த வருட வாடகைக்கென்று தனியாக வைப்போம்.

கொடுக்கும் முன்

இணைப்பில் யுபிஐ, கார்டு, வங்கிப் பரிமாற்றம் மூன்றும் உண்டு. பணம் செலுத்தும் முன் திரையில் அறக்கட்டளையின் பெயரும் பதிவு எண்ணும் தெரியும், சரிபார்த்துக்கொள்ளுங்கள். தனிநபர் பெயரில் உள்ள எந்த எண்ணுக்கும் அனுப்ப வேண்டாம். எங்கள் பெயரைச் சொல்லி வாட்ஸ்அப்பில் க்யூஆர் படம் வந்தால் அது எங்களுடையது அல்ல.

80ஜி வரிவிலக்கு உண்டு. பழைய வரி முறையில் கணக்குக் காட்டுபவர்களுக்கே அது பயன்படும். பான் எண் கொடுத்தால் சான்றிதழ் அனுப்புவோம். ₹2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்குக் கிடைக்காது.

வெளிநாட்டிலிருந்து பார்க்கும் சொந்தங்களுக்கு: வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு எங்களுக்கு இல்லை. அதனால் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடம், ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், பணம் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து, இந்திய வங்கிக் கணக்கு வழியாகத் தாராளமாகக் கொடுக்கலாம்.

இப்போது பணம் கொடுக்க வசதிப்படாவிட்டால் வீடியோவை உங்கள் குடும்பக் குழுவில் போடுங்கள். திருவோணம், ஊரணிபுரம், ஒரத்தநாடு பக்கம் வண்டிக்குச் சிரமப்பட்டு டயாலிசிஸை விட்டுவிடுபவர் யாரையாவது தெரியுமென்றால் எழுதுங்கள், காத்திருப்போர் பட்டியலில் சேர்க்கிறோம்: kanakku@dialysisvandi.org

நன்கொடை: https://dialysisvandi.org/kodai

#டயாலிசிஸ் #தஞ்சாவூர் #ஒரத்தநாடு #திருவோணம் #நன்கொடை